தமிழ் மொழிமூலத்தில் படித்துவிட்டுக் கொழும்புக் கொம்பனி நேர்முகத்துக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கொழும்பில் ஒரு கொம்பனியின் கணக்குப் பிரிவில் பல வருடம் வேலை செய்தேன். கடைசி வருடங்களில் நேர்முகத்தில் கேள்வி கேட்கிற பக்கத்திலும் இருந்தேன். இப்போது யாழ்ப்பாணத்தில் இருக்கிறேன். சனிக்கிழமைகளில் வணிகப் பிரிவில் உயர்தரம் முடித்த பிள்ளைகள் சிலர் எங்கள் வீட்டு விறாந்தைக்கு வந்து ஆங்கிலத்தில் கதைத்துப் பழகுகிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தது கணக்கு வேலை என்பதால் உதாரணங்களும் அதிலிருந்தே வரும்.

நான் தமிழ் மொழிமூலம் என்று நானாகவே சொல்ல வேணுமா, கேட்டால் மட்டும் சொன்னால் போதுமா அக்கா?

நீங்களாகவே சொல்லுங்கள், ஒரே வசனத்தில். பாடசாலையின் பெயரைப் பார்த்த உடனேயே அவர்களுக்குப் பாதி விளங்கியிருக்கும். நீங்கள் சொல்லாமல் விட்டால் அவர்கள் அதை ஊகித்துக்கொண்டே மிச்சப் பதில்களைக் கேட்பார்கள்.

அந்த வசனத்துக்கு இரண்டு பாதி இருக்க வேண்டும். முதல் பாதி படித்த மொழி. இரண்டாவது பாதி, அதற்குப் பிறகு ஆங்கிலத்தில் நீங்கள் செய்த ஏதாவது ஒன்று. "ஐ டிட் மை ஏ லெவல்ஸ் இன் தமிழ் மீடியம், அண்ட் நவ் ஐ ஆம் டூயிங் மை அக்கவுண்டிங் எக்ஸாம்ஸ் இன் இங்கிலிஷ்." பத்து செக்கன்கூடப் பிடிக்காது. பரீட்சை எதுவும் ஆங்கிலத்தில் எழுதவில்லையென்றால் உண்மையாகச் செய்த வேறொன்றைச் சொல்லுங்கள். மாமாவின் ஹார்ட்வெயார் கடைக்கு எக்செலில் ஆங்கிலத்தில் இருப்புக் கணக்கு வைத்திருந்தால் அது போதும். ஆனால் அது உண்மையாக இருக்க வேண்டும், ஏனென்றால் அடுத்த கேள்வி நேரே அதைப் பற்றித்தான் வரும்.

வேண்டாதது ஒன்று: கதிரையில் இருந்த உடனேயே "சொறி சேர், மை இங்கிலிஷ் இஸ் நொட் குட்" என்று தொடங்குவது. நான் கேட்கிற பக்கத்தில் இருந்தபோது இதைப் பலர் சொன்னார்கள். சொன்ன கணத்திலிருந்து என் காது, விரும்பாமலே, பிழைகளை எண்ணத் தொடங்கிவிடும். அதைச் சொல்லாமல் அதே அளவு பிழைவிட்டுக் கதைத்த பிள்ளைகளிடம் எனக்குப் பிழை அவ்வளவாகப் படவில்லை.

ஏன் ஆங்கில மொழிமூலத்தில் படிக்கவில்லை என்று கேட்டால் என்ன சொல்லுவது?

"எங்கள் பாடசாலையில் வணிகப் பிரிவு தமிழில்தான் இருந்தது" என்பதை ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். கேட்கிறவர் சர்வதேசப் பாடசாலையில் படித்தவராக இருக்கலாம். அவருக்கு உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்கிறார்.

உங்களுக்குள் மட்டும் இதைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். அரச பாடசாலைகளில் ஆங்கில மொழிமூலம் மறுபடி தொடங்கியதே 2001இல்தான். அதுவும் ஆசிரியர் கிடைத்த பாடசாலைகளில் மட்டும். மூன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் ஒரு பாடமாக இருந்தது உண்மை. ஆனால் சாதாரண தரத்தில் அது எழுத்துப் பரீட்சை. உயர்தரத்துப் பொது ஆங்கிலமும் எழுத்துத்தான், அதன் புள்ளி இசட் புள்ளியில் சேராது என்பதால் ரியூசன் காலத்தில் யாரும் அதைத் தொடுவதில்லை. ஆகவே உங்கள் கை பத்து வருடத்துக்கு மேல் ஆங்கிலம் எழுதியிருக்கிறது, வாய் கதைக்கவில்லை. நேர்முகத்துக்குத் தயார்செய்யும்போது இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் எங்கே நேரம் செலவழிப்பது என்று தெரியும்.

சுயவிபரக்கோவையில் என்ன போடுவது?

உயர்தரப் பாடங்களை நீங்களாக மொழிபெயர்க்க வேண்டாம். கணக்கீட்டை ஒருவர் "கல்குலேஷன்" என்று போட்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். பரீட்சைத் திணைக்களம் பாவிக்கும் பெயர்களையே போடுங்கள்: கணக்கீட்டுக்கு அக்கவுண்டிங், வணிகக் கல்விக்கு பிஸ்னஸ் ஸ்டடீஸ், பொருளியலுக்கு எக்கனொமிக்ஸ். மொழிமூலத்தைப் பாடங்களுக்குக் கீழே ஒரு சிறு வரியாகப் போட்டால் போதும்.

மொழித்திறன் பகுதியில் "ஃபுளுவென்ட்" என்று போடுகிறவர்கள்தான் அதிகம் மாட்டுப்படுகிறார்கள். அந்தச் சொல்லைப் பார்த்தால் கேட்கிறவர் வேகத்தைக் கூட்டிவிடுவார். வாசிப்பு, எழுத்து, பேச்சு என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உண்மையான நிலையைப் போடுங்கள். வாசிப்பும் எழுத்தும் நன்று, பேச்சு சராசரி என்று எழுதியிருந்தால் அது எனக்கு நம்பக்கூடிய தாளாகத் தெரியும்.

பாடம் தெரியும், பேப்பரில் செய்யச் சொன்னால் செய்வேன். ஆனால் இங்கிலிஷில் விளங்கப்படுத்தச் சொன்னால் வாய் கட்டிவிடுகிறது. ஏன் அக்கா?

இதுதான் எல்லோருக்கும் இருக்கிற உண்மையான கஷ்டம். இதைக் கொஞ்சம் ஆறுதலாகப் பார்ப்போம்.

தென்மராட்சியிலிருந்து ஒரு தங்கச்சி வந்தா. கணக்கீட்டில் ஏ. கணக்குப் பயிலுநர் வேலைக்கு ஏறக்குறையத் தவறாமல் வருகிற கேள்வியை அவவிடம் கேட்டேன்: பாங்க் ரெக்கன்சிலியேஷன் என்றால் என்ன? "பாங்க் ரெக்கன்சிலியேஷன் இஸ்…" என்று தொடங்கினா. அவ்வளவுதான். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன், இருபது செக்கன் சத்தமில்லை. கண் கலங்கிவிட்டது.

ஒரு தாளை எடுத்து இதை எழுதிக் கொடுத்தேன். வங்கிக் கூற்றின் மீதி 184,500 ரூபா. காசேட்டின் மீதி 150,000 ரூபா. எழுதிக்கொடுத்தும் இன்னும் வங்கிக்குச் சமர்ப்பிக்கப்படாத காசோலை 42,000. வைப்பிலிட்டும் தேறாத காசோலை 6,000. காசேட்டில் பதியாத வங்கிக் கட்டணம் 1,500. இரண்டு நிமிடத்தில் முடித்தா. 184,500 இல் 42,000ஐக் கழித்து 6,000ஐக் கூட்டினால் 148,500. காசேட்டின் 150,000 இல் 1,500ஐக் கழித்தால் அதுவும் 148,500.

வேலை தெரிந்த பிள்ளைதான். எங்கே சிக்கியது என்று கேட்டபோது சொன்னா, பாடப்புத்தகத்தில் இருந்த வரைவிலக்கணத்தை மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாவாம். அந்த வரைவிலக்கணம் ஒரே நீட்டு வசனம். தமிழில் எல்லாவற்றையும் முதலில் அடுக்கி, வினையைக் கடைசியில் வைப்போம். ஆங்கிலத்தில் ஆள் வந்த உடனே வினை வர வேண்டும். ஆகவே "இஸ்" என்று சொன்ன பிறகு, தமிழ் வசனத்தின் வால் வரைக்கும் மனதுக்குள் போய்த் திரும்ப வேண்டியிருக்கிறது. அதற்குள் வாய் நின்றுவிடுகிறது.

அதனால் வரைவிலக்கணத்தை விட்டுவிட்டோம். "என்றால் என்ன" என்று கேட்டாலும் "நான் எப்படிச் செய்வேன்" என்று பதில் சொல்லலாம் என்று தீர்மானித்தோம். தாளில் கை போன ஒழுங்கிலேயே ஐந்து குட்டி வசனம்:

"ஐ ஸ்டார்ட் வித் த பாங்க் பேலன்ஸ். வன் செக் இஸ் நொட் பிரசன்டட் யெட், ஸோ ஐ டிடக்ட் இட். வன் டிபொசிட் இஸ் நொட் கிளியர்ட் யெட், ஸோ ஐ ஆட் இட். தென் ஐ டிடக்ட் த பாங்க் சார்ஜஸ் ஃப்ரொம் த காஷ் புக். நவ் போத் பேலன்சஸ் அக்ரீ."

ஒவ்வொன்றிலும் ஆள், வினை, தேவையான இடத்தில் காரணம். இதற்கு மேல் இலக்கணம் தேவைப்படவில்லை. கேட்கிறவருக்கும் இந்தப் பதில்தான் விருப்பம், ஏனென்றால் பாடமாக்கினவர் யார், செய்து பார்த்தவர் யார் என்று இதில் தெரிந்துவிடும்.

அடுத்த கிழமை தொடர்கேள்வி கேட்டேன்: கடைசியில் இரண்டும் ஒத்துவராவிட்டால்? முந்தைய மாதத்தில் சமர்ப்பிக்கப்படாமல் இருந்த காசோலைகளைப் பார்ப்பேன் என்றா. பிறகு, வித்தியாசம் 9 ஆல் மீதியில்லாமல் பிரிகிறதா என்று பார்ப்பேன், பிரிந்தால் 540ஐ 450 என்று இலக்கம் மாற்றி எழுதியிருக்கலாம் என்றா. ரியூசனில் சேர் சொல்லிக்கொடுத்த விசயம். தமிழில் படித்தது அப்படியே அவவின் கையில் இருந்தது, ஆங்கிலத்தில் ஏழெட்டுச் சொல்தான் தேவைப்பட்டது.

இதேபோலப் பெறுமானத் தேய்வு, அட்டுறு செலவு, சில்லறைக் காசேடு, பரீட்சை மீதி என்று ஐந்தாறு தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் முதலில் தாளில் ஒரு சின்னக் கணக்குச் செய்யுங்கள். பிறகு கையை வைத்து வைத்து வாயால் சொல்லுங்கள். ஆறு தலைப்புக்கு மேல் தேவையில்லை.

வீட்டில் ஆங்கிலம் கதைக்க ஆளில்லை. தனியே எப்படிப் பழகுவது?

ஒரு தலைப்பை நான்கு நிமிடம் கதையுங்கள். உடனேயே அதையே மூன்று நிமிடத்தில். பிறகு இரண்டு நிமிடத்தில். ஆங்கிலம் படிப்பிக்கிறவர்களிடையே பழைய முறை இது. முதல் தடவை என்ன சொல்வது என்று தேடுவதிலேயே மூளை களைத்துவிடும். மூன்றாம் தடவை சொல்ல வேண்டியது தயாராக இருப்பதால் எப்படிச் சொல்வது என்பதற்கு இடம் கிடைக்கும். தொடக்கத்தில் நான்கு நிமிடம் வராது. இரண்டு, ஒன்றரை, ஒன்று என்று தொடங்கினாலும் சரி. ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதும்.

போனில் பதிவுசெய்யுங்கள், ஆனால் பிழை பிடிக்க வேண்டாம். மூன்று செக்கனுக்கு மேல் நின்ற இடங்களை மட்டும் எண்ணுங்கள். அந்த இடத்தில் எந்தச் சொல் வரவில்லை என்று எழுதி வையுங்கள். அந்தத் தென்மராட்சித் தங்கச்சிக்கு முதல் நாள் ஒரு பதிவில் பதினொரு இடம், ஆறாவது கிழமையில் மூன்று. உச்சரிப்பு பெரிதாக மாறவில்லை. நிற்பது குறைந்ததே கேட்கிறவர்களுக்குப் போதுமாக இருந்தது.

ஒரு எல்லையும் சொல்ல வேண்டும். தனியே கதைத்தால் சரளம் வரும், காது பழகாது. எதிரில் இருப்பவர் குறுக்கே கேட்பதற்குப் பதில் சொல்லப் பழக ஒரு ஆள் வேண்டும். கிழமைக்கு ஒரு தடவை ஒரு நண்பியையாவது பிடியுங்கள். அவவுக்கு ஆங்கிலம் உங்களைவிடக் கூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை, "வை?" என்றும் "ஹவ்?" என்றும் கேட்டால் போதும்.

என்னை அறிமுகப்படுத்துகிற பகுதியைப் பாடமாக்கி வைத்திருக்கிறேன். அது காணாதா?

காணாது. அது எதிராகவும் வேலை செய்யும். முதல் ஒரு நிமிடம் தண்ணீர்மாதிரி ஓடும், அடுத்த கேள்விக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்த வித்தியாசம் மேசைக்கு அந்தப் பக்கத்தில் பளிச்சென்று கேட்கும். பிறகு சொல்வதெல்லாம் பாடமாக்கினதோ என்று சந்தேகம் வரும்.

வசனங்களை விட்டுவிட்டு நான்கு சொல்லை மட்டும் மனதில் வையுங்கள்: ஊர், பாடசாலை, இப்போது படிப்பது, ஏன் இந்த வேலை. ஒவ்வொரு தடவையும் வேறு விதமாகச் சொல்லிப் பாருங்கள். "ரெல் மீ எபவுட் யுவர்செல்ஃப்" என்றும் "வை அக்கவுண்டிங்?" என்றும் "வட் ஆர் யூ டூயிங் நவ்?" என்றும் மூன்று பக்கத்திலிருந்து கேட்டாலும் நிற்காமல் பதில் வந்தால் நீங்கள் தயார்.

திடீரென்று கொழும்பிலிருந்து போன் வந்துவிடுகிறது. நடுச் சந்தையில் நிற்கும்போது வந்தால்?

எடுத்துப் பெயரைச் சொல்லிவிட்டு, "கென் ஐ கோல் யூ பேக் இன் டென் மினிட்ஸ், பிளீஸ்?" என்று கேளுங்கள். அதில் ஒரு மரியாதைக் குறைவும் இல்லை. ஆனால் பத்து நிமிடத்தில் கட்டாயம் எடுக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டுச் சத்தத்துக்குள் அரைகுறையாகக் கேட்டு எல்லாவற்றுக்கும் "யெஸ்" சொன்ன ஒரு தம்பி, நேர்முக நாளையே பிழையாக விளங்கிக்கொண்டு ஒரு நாள் பிந்தி ரயில் ஏறினான்.

என்ர உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பார்களோ என்று பயமாக இருக்கு.

யாழ்ப்பாணத்து ஓசை இருக்கட்டும். கொழும்பிலும் ஆளாளுக்கு ஒவ்வொரு ஓசைதான். கணக்கு வேலைக்கு முக்கியமானது ஒன்று: எண்கள். தேர்ட்டீனும் தேர்ட்டியும், ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் போனில் ஒன்றாகக் கேட்கும். 13, 15 போன்றவற்றில் கடைசி அசையை அழுத்தி நீட்ட வேண்டும். 30, 50 இல் முதல் அசையில் அழுத்தம், கடைசி குறுகி நிற்க வேண்டும். சந்தேகம் இருந்தால் "வன் த்ரீ" என்று இலக்கமாகச் சொல்லி உறுதிப்படுத்துங்கள். அனுபவமுள்ள கணக்காளர்களும் அப்படித்தான் செய்வார்கள்.

இரண்டாவது, சொல்லின் முடிவில் நாங்கள் ஒட்டும் உகரம். "செக்கு", "பாங்கு", "டெஸ்ட்டு" என்று வருவதைக் குறைத்தாலே பாதி தெளிந்துவிடும். மிச்சத்தை விட்டுவிடுங்கள்.

"யெஸ்" என்று சொன்னேன், அவர்கள் முகம் மாறிவிட்டது. என்ன பிழை செய்தேன்?

அனேகமாக எதிர்மறைக் கேள்வியாக இருந்திருக்கும். "யூ டோன்ட் ஹாவ் ஓடிட் எக்ஸ்பீரியன்ஸ்?" என்று கேட்கிறார். தமிழில் "ஓடிட் அனுபவம் இல்லையா?" என்றால் "ஓம், இல்லை" என்போம். அந்த ஓம், அவர் சொன்னது சரி என்கிற ஓம். அதை அப்படியே "யெஸ்" என்றால் ஆங்கிலத்தில் அனுபவம் இருக்கிறது என்று எடுப்பார்கள். இல்லையென்றால் "நோ, ஐ டோன்ட்" என்றே சொல்லுங்கள்.

இதன் தங்கச்சி ஒன்றும் இருக்கிறது: "வுட் யூ மைன்ட் வேர்க்கிங் ஒன் சட்டர்டேஸ்?" இதற்கு "யெஸ்" என்றால் எனக்குச் சம்மதமில்லை என்று பொருள். சனிக்கிழமை வரச் சம்மதமென்றால் "நோ, தட்ஸ் ஃபைன்". தடுமாறினால் யெஸ்ஸையும் நோவையும் விட்டுவிட்டு "ஐ கென் வேர்க் ஒன் சட்டர்டேஸ்" என்று முழுதாகச் சொல்லிவிடுங்கள். இந்த இரண்டையும் சனிக்கிழமைகளில் நான் விளையாட்டுமாதிரித் திரும்பத் திரும்பக் கேட்பேன். நேர்முக அவசரத்தில் யோசித்துச் சொல்ல முடியாது, வாய்க்குப் பழகியிருக்க வேண்டும்.

சிங்களமும் தெரியாது என்றால் வேலை தருவார்களா?

கணக்குப் பிரிவில் ஆவணங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். ஆனால் மத்தியானச் சாப்பாடும், ஸ்டோர்ஸில் இருந்து வரும் போனும் சிங்களத்தில். கேட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், படிக்கத் தொடங்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள். வடக்குக் கிழக்கில் கிளை உள்ள கொம்பனியென்றால், கிளைகளிலிருந்து தமிழில் வருவதை நேரே வாசித்துக் கதைக்க உங்களால் முடியும் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். தமிழ் மொழிமூலம் என்ற வரிக்கு அங்கே வேறு பெறுமதி இருக்கிறது. நான் வேலை செய்த இடத்தில் யாழ்ப்பாணக் கிளை வவுச்சர்களின் தமிழ்க் குறிப்புகளை வாசிக்க மேல்மாடியிலிருந்து என்னைத் தேடி வருவார்கள்.

ஒரு தரம் போய்க் கிடைக்கவில்லை. திரும்பப் போகலாமா?

அந்தத் தென்மராட்சித் தங்கச்சிக்கும் முதலாவது கிடைக்கவில்லை. திரும்பி வந்த அன்று இரவே, கேட்ட கேள்விகளை ஞாபகம் உள்ளவரை கொப்பியில் எழுதச் சொன்னேன். ஒன்பது கேள்வி எழுதினா. அதில் ஆறு நாங்கள் பழகினவை. நின்றுபோனது மூன்றில்: வற் வரி, எக்செலில் என்ன செய்யத் தெரியும், கொழும்பில் எங்கே தங்குவீர்கள். அடுத்த மூன்று சனிக்கிழமையும் அந்த மூன்றை மட்டும் கதைத்தோம். இரண்டாவது இடத்தில் எக்செல் கேள்வி திரும்ப வந்தது. பயிலுநராக எடுத்தார்கள்.

வேலை கிடைத்துவிட்டது. ஆனால் கூட்டங்களில் வாயே திறப்பதில்லை. என்ன செய்ய?

முதல் மாதம் ஒரு கூட்டத்துக்கு ஒரு வசனம் என்று வையுங்கள், அதையும் முதலிலேயே எழுதிக்கொண்டு போங்கள். உங்கள் கையில் இருக்கிற வேலையைப் பற்றியதாக இருக்கட்டும்: இந்த மாத ரெக்கன்சிலியேஷன் முடிந்தது, இரண்டு காசோலை இன்னும் நிற்கிறது. கூட்டம் தொடங்கி ஐந்து நிமிடத்துக்குள் சொல்லிவிடுங்கள். பிந்தப் பிந்த நெஞ்சு இடிக்கும். விளங்காமல் போனதைக் கூட்டம் முடிந்தபிறகு பக்கத்து மேசை அக்காவிடமோ அண்ணாவிடமோ கேளுங்கள். பிறகு, நீங்கள் விளங்கிக்கொண்டதை மூன்று வரியில் மின்னஞ்சலாக மேலாளருக்கு அனுப்புங்கள். எழுதுவது உங்களுக்கு முதலே வரும். பிழையாக விளங்கியிருந்தால் அவர் அன்றைக்கே திருத்துவார்.